பத்மநாபசுவாமி தரிசனம்: கேள்வி பதில்

காலை 10 மணிக்குத் திருவனந்தபுரம் வந்துவிடுவோம். மதியம் வரை நடை திறந்திருக்கும்தானே?

இல்லை. அதிகாலை 3:30-க்கு நடக்கும் முதல் தரிசனமான நிர்மால்யம் தொடங்கி, பூஜைக்காக நடுநடுவே நடை அடைத்துவிடுவார்கள். வழக்கமான நாளில் 8:30 முதல் 10 வரை, 10:30 முதல் 11:10 வரை, அப்புறம் 11:45-க்கு வெறும் கால் மணி நேரம். 10 மணிக்கு ரயிலிறங்கி, வேட்டி கட்டி, பையை ஒப்படைத்து வரிசைக்கு வருவதற்குள் 11:10 ஓடிவிடும். கடைசி கால் மணியும் தவறினால் மாலை 5 வரை காத்திருக்கணும். முந்தின இரவே வந்து தங்குங்கள். பங்குனி, ஐப்பசி உற்சவ நாட்களில் நேரம் மாறும்.

போனை அணைத்து எடுத்துப் போகலாமா?

கூடாது. வெளியே ஒப்படைக்கணும்.

பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசலிலும் நின்று பார்க்க விடுவார்களா?

நிற்க விடமாட்டார்கள், நகர்ந்துகொண்டேதான் பார்க்கணும். முதல் வாசலில் திருமுகமும், சிவலிங்கத்தின் மேல் நீட்டிய வலக்கையும். நடுவில் நாபிக்கமலம், அதில் பிரம்மா. மூன்றாவதில் திருவடி. உள்ளே எண்ணெய் விளக்கு வெளிச்சம்தான். வெயிலிலிருந்து நேரே வந்த என் அம்மாவுக்கு முதல் வாசலில் திரிச்சுடர் மட்டும்தான் தெரிந்தது. திருமுகத்தைப் பார்க்காமலே நகர்ந்துவிட்டார். வரிசையிலேயே கொஞ்சம் கண்ணை மூடிப் பழக்கிக்கொள்ளுங்கள். முதலில் வலக்கையைத் தேடுங்கள், அங்கிருந்து முகம் பிடிபடும்.

வாசல்களுக்கு முன்னால் இருப்பது ஒற்றைக்கல் மண்டபம். அங்கே விழுந்து கும்பிடாதீர்கள். அந்த உரிமை திருவிதாங்கூர் மன்னருக்கு மட்டும்.

2016-லேயே சுடிதாரை அனுமதித்துவிட்டார்கள். பெண்கள் சுடிதாரில் வரக்கூடாது என்று நீங்கள் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

பாதி சரி. அந்த நவம்பரில் நிர்வாக அதிகாரி அனுமதித்தார். டிசம்பரிலேயே கேரள உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி, கோயிலின் தலைமைப் பூசகரான தந்திரியின் சொல்லே முடிவு என்றது. சுடிதாருக்கு மேல் வேட்டி சுற்றினால் விடுவார்கள். சேலை, பாவாடை தாவணிக்குத் தடையில்லை. ஆண்களுக்கு வேட்டிதான், சட்டை கூடாது.

நான் குருவாயூருக்குச் சுடிதாரில்தான் போனேன், யாரும் கேட்கவில்லையே அண்ணா?

அது வேறு கோயில், வேறு தந்திரி. இங்கே அது செல்லாது.

மேலே வேட்டியைச் சுற்றினால் மட்டும் மரியாதை வந்துவிடுமா? சுடிதாரில் என்ன குறை?

குறை என்று நான் சொல்லவில்லை அம்மா. என் மகளும் இதையேதான் கேட்கிறாள், அவளுக்குச் சரியான பதில் என்னிடம் இல்லை. ஆனால் வாசலில் நிற்கும் காவலரிடம் வாதாடினால் உங்கள் தரிசன நேரம்தான் போகும். வீட்டிலிருந்தே ஒரு வேட்டி கொண்டுவாருங்கள்.

பேண்ட் மேலேயே வேட்டி கட்டலாமா?

பேண்டை மடித்துவிட்டு மேலே கட்டி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து மாற்றிக்கொண்டே வாருங்கள்.

சைலண்டில் போட்டால் போன் கொண்டுபோகலாமா?

மேலே சொல்லிவிட்டேன். கூடாது.