கூட்டம் கைவிட்டுப் போகும் காட்சி: கேள்வி பதில்

என் நாவலில் ஒரு தலைவர் பேசப் பேசக் கூட்டம் மெல்ல அவருக்கு எதிராகத் திரும்ப வேண்டும். ஆனால் எழுதினால், கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் அடுத்த பத்தியிலேயே செருப்பு எறிகிறார்கள். நடுவில் என்ன விட்டுப்போகிறது?

கவனம் சிதறுகிற கட்டம் விட்டுப்போகிறது. கோபம் அதற்கு அப்புறம்தான் வரும். நான் செய்தியாளராகப் போன கூட்டங்களில் ஒன்றுகூட ஒரே ஆள்போல நடந்துகொண்டதில்லை. மேடைக்கு முன்னால் கட்சிக்காரர்கள் இருப்பார்கள். தலைவர் எது சொன்னாலும் கைதட்டுவார்கள். ஓரத்தில் நிற்பவர்களுக்கு எந்த நேரமும் கிளம்பலாம் என்ற சுதந்திரம் உண்டு, அதனால் முதலில் கரைவது ஓரம்தான். நடுவில் மாட்டியவர்கள் பாவம், சதுர மீட்டருக்கு ஐந்து பேர் நின்றால் நினைத்தபடி வெளியே வர முடியாது. அலுப்பை அவர்கள் வேறு விதமாகத்தான் காட்ட முடியும்: மேடையை விட்டுப் பக்கத்து ஆளின் முகத்தைப் பார்ப்பார்கள்.

அந்தப் பார்வையை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் தலைவர்மேல் தனித்தனியாகச் சந்தேகம் இருந்திருக்கும். பக்கத்தில் நிற்பவனுக்கும் அதே சந்தேகம் என்று தெரியவரும்போதுதான் கூட்டம் திரும்பத் தொடங்குகிறது.

இதற்கு இவ்வளவு யோசனை எதற்கு? கூட்டத்தில் ஒருத்தன் எழுந்து கத்தினால் போதும், மற்றவர்கள் பின்னாலேயே கத்துவார்கள். கூட்டம் என்றாலே அப்படித்தானே?

பாதி சரி. கத்துகிற ஒருத்தன் வேண்டும்தான். ஆனால் கூட்டம் மாறியதைக் காட்டுவது அவன் குரல் இல்லை, அவனைச் சுற்றி நிற்பவர்கள் அவனை என்ன செய்கிறார்கள் என்பதுதான். ஒரு காட்சியாகவே சொல்கிறேன்.

பஞ்சாலை மூடிய ஊர். போன தேர்தலில் ஆலையைத் திறப்பேன் என்று சொன்ன தலைவர் மறுபடியும் வந்திருக்கிறார். "ஆலையைத் திறந்தே தீருவோம்" என்கிறார், கைதட்டல் எழுகிறது. நடுவிலிருந்து ஒருத்தன், "எப்போ?" என்று கேட்கிறான். "ஏய், சும்மா இரு" என்று பின்னால் நிற்பவர் அவன் தோளை அழுத்துகிறார். இந்த நிமிடம் கூட்டம் இன்னும் தலைவர் பக்கம்தான்.

பத்து நிமிடம் கழித்துத் தலைவர் மறுபடி ஆலைப் பேச்சை எடுக்கிறார். மறுபடி "எப்போ?" இந்த முறை யாரும் அவனை அடக்கவில்லை. தோளை அழுத்தியவர் இப்போது மேடையைப் பார்க்கிறார். பதில் வருமா என்று அவருக்கும் தெரிய வேண்டியிருக்கிறது. கோபம் இன்னும் வரவில்லை, வெறும் காத்திருப்புதான். எழுத்தாளர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகிற படி இது.

இங்கே தலைவர் ஒரு தப்பு செய்யட்டும். "எதிரணி அனுப்பிய கூலி ஆள் இவன்" என்கிறார். முன்வரிசை ஆரவாரம் செய்கிறது. ஆனால் அவனைச் சுற்றி நிற்கும் முப்பது பேருக்கும் அவனைத் தெரியும், அதே ஆலையில் பஞ்சு எடைபோட்டவன். தலைவர் அவனைத் திட்டுவதாக நினைத்து அந்த முப்பது பேரையும் பொய்யர் ஆக்கிவிட்டார். மூன்றாவது "எப்போ?" வேறொரு மூலையிலிருந்து, வேறொரு குரலில் வரட்டும். ஒரு பெண் குரல் என்றால் இன்னும் நல்லது. அதற்குச் சிரிப்பு எழ வேண்டும். கோபக் கூச்சலைக்கூடப் பேச்சாளர் சமாளிப்பார், தெரியாத இடத்திலிருந்து வரும் சிரிப்பைச் சமாளிக்க அவரால் முடியாது.

ஒரே சொல், மூன்று தடவை. "கூட்டத்தின் மனநிலை மாறியது" என்று நீங்கள் எழுதவே வேண்டாம்.

என் அத்தியாயத்தில் தலைவரின் பேச்சு மட்டும் 14 பக்கம். நிஜமான மேடைப் பேச்சுகளைக் கேட்டுக் கேட்டு எழுதினேன், ஒரு வரியையும் வெட்ட மனசு வரவில்லை.

மேற்கோள் குறிக்குள் நாலைந்து வாக்கியம் நிற்கட்டும், கூட்டத்துக்குத் தெரிந்த உண்மையோடு மோதுகிற வாக்கியங்கள் மட்டும். மற்றதை "அவர் எதிரணியின் ஊழலுக்குப் போனார்" என்று ஒரு வரியில் கடந்துவிடுங்கள். கூட்டமே கேட்காத பகுதியை வாசகர் ஏன் முழுதாகக் கேட்க வேண்டும்? வெட்டியதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தலைவர் வேறெங்காவது வாய் திறக்கும்போது உதவும்.

எங்கள் சங்கத்தின் ஆண்டு விழாவில் நான் பேச ஆரம்பித்தாலே ஆட்கள் எழுந்து போகிறார்கள். கூட்டத்தைப் பிடித்து வைக்க வழி சொல்லுங்களேன்.

ஐயா, இங்கே நாங்கள் கூட்டத்தைக் கலைக்க வழி தேடிக்கொண்டிருக்கிறோம்! சுருக்கமாகப் பேசுங்கள், அதைத் தவிர என்னிடம் மருந்தில்லை. ஆனால் அவர்கள் கிளம்புவது உங்களுக்கு முதலில் எதனால் தெரிந்தது, நாற்காலிச் சத்தத்தாலா, முகங்களாலா? எழுதி வையுங்கள், இங்கே யாருக்காவது பயன்படும்.

காட்சியை மேடையில் நிற்பவர் பார்வையிலேயே எழுதலாமா? அவருக்குக் கூட்டம் முழுக்கத் தெரியும் அல்லவா?

எழுதலாம், ஆனால் முழுக்கத் தெரியாது. இரவுக் கூட்டம் என்றால் விளக்கு அவர் கண்ணில் அடிக்கும். முதல் சில வரிசைகளைத் தாண்டினால் இருட்டு, அதாவது கைதட்டுவதற்கென்றே வந்தவர்கள் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிவார்கள். மீதியைக் காதால்தான் அறிய வேண்டும்.

ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஒலிபெருக்கி மேடையில் மட்டும் இருந்தால், 170 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அவர் பேச்சு அரை நொடி தாமதமாகப் போய்ச் சேரும், அங்கிருந்து கைதட்டல் திரும்பி வர இன்னொரு அரை நொடி. ஆக, கைதட்டல் அவருக்கு இரண்டு அலையாகக் கேட்கும்: முன்னாலிருந்து உடனே ஒன்று, இருட்டிலிருந்து ஒரு நொடி கழித்து மற்றொன்று. அனுபவசாலி அந்த இரண்டாவது அலை அடங்கும்வரை நிறுத்திவிட்டுத்தான் தொடர்வார். அந்தப் பழக்கத்தை அத்தியாயத் தொடக்கத்திலேயே காட்டிவிடுங்கள். பிறகு ஒரு இடத்தில் அவர் நிறுத்த வேண்டும், முதல் அலை மட்டும் வர வேண்டும். என்ன குறைகிறது என்று அவருக்கே உடனே புரியக் கூடாது. மைக்கைத் தட்டிப் பார்க்கட்டும்.

1989 டிசம்பர் 21 அன்று புக்கரெஸ்டில் ருமேனிய சர்வாதிகாரி சௌசெஸ்கு பேசியபோது நிலைமை சில நொடிகளில் தலைகீழானது, தொலைக்காட்சியிலேயே நேரலையாக வந்தது. அப்படியிருக்க "மெல்லத் திரும்பும் கூட்டம்" நம்பும்படியாக இருக்குமா?

நல்ல உதாரணம், எனக்கே எதிரான உதாரணம். ஆனால் அது ஏற்பாடு செய்து அழைத்து வந்த கூட்டம். டிமிஷோரா நகரில் போராடியவர்களைச் சுட்டுக் கொன்ற செய்தி ஏற்கெனவே காதோடு காதாகப் பரவியிருந்தது. ஆகவே மெல்ல நடக்க வேண்டியதெல்லாம் முன்பே நடந்துவிட்டது, சதுக்கத்தில் நடந்தது கடைசிப் படி. முதல் கூச்சல் எதனால் எழுந்தது என்பதில் அங்கிருந்தவர்களே ஒத்துப்போவதில்லை.

உங்களுக்குப் பயன்படுவது அதற்குப் பின் நடந்தது. அவர் கையைத் தூக்கியபடி, தொலைபேசி இணைப்பு அறுந்தவர்போல "அலோ, அலோ" என்று கூப்பிட்டார். கொஞ்சம் அமைதி திரும்பியதும் குறைந்தபட்சச் சம்பளத்தை 2000 லேயிலிருந்து 2200 ஆக்குவதாக அறிவித்தார். பயந்தவர் விலை பேச ஆரம்பிக்கிறார்! கூட்டம் அடங்கவில்லை, மறுநாள் ஹெலிகாப்டரில் தப்பினார். உங்கள் தலைவரும் ஒரு சலுகையை அறிவிக்கட்டும், எழுதி வைத்த பேச்சில் இல்லாததை. ஆனால் ஒரே பேச்சுக்குள் முழுத் திருப்பமும் நம்பும்படி வருமா என்ற உங்கள் சந்தேகம் எனக்கும் கொஞ்சம் உண்டு. முந்தைய அத்தியாயத்தில் ஊரார் வாயில் ஆலைப் பேச்சு வந்திருந்தால் பாதி சுமை குறையும்.

கலவரத்தில் முடிக்கலாமா? பதிப்பாளர் கல்லெறி வேண்டும் என்கிறார்.

கதைக்குக் கல் வேண்டுமென்றால் வரட்டும், ஆனால் அடுத்த அத்தியாயத்தில். முதல் கல் விழுந்ததும் வாசகர் யாருக்கு அடிபட்டது என்று பார்க்கப் போய்விடுவார், தலைவரை மறந்துவிடுவார். நானாக இருந்தால் தொண்டர் ஒருவரை மைக்கைப் பிடுங்கித் தலைவர் பேரைச் சொல்ல வைப்பேன். "வாழ்க" என்பது முன்வரிசையிலிருந்து மட்டும் வரும். அங்கேயே அத்தியாயத்தை நிறுத்துவேன். பதிப்பாளர் ஒத்துக்கொள்வாரா என்பது வேறு விஷயம்.