நெஞ்சு உறுத்தினால் தப்பு செய்ததாக அர்த்தமா?

மேடம், உடன் வேலை செய்யும் தோழி தன் ஞாயிறு ஷிஃப்டைப் பார்க்கச் சொன்னாள். முந்தைய இரண்டு வாரமும் அவளுக்காகப் போயிருந்தேன். இந்த முறை எனக்குத் தேர்வு, முடியாது என்றேன். அன்றிலிருந்து நெஞ்சு உறுத்துகிறது. இரண்டு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டு, கடைசியில் அவளுடைய அடுத்த ஞாயிறையும் நானே ஏற்றுக்கொண்டேன். அப்புறம்தான் நிம்மதியாக இருந்தது. நான் செய்தது தப்பில்லை என்கிறார்கள் வீட்டில். குற்றமுள்ள நெஞ்சுதானே குறுகுறுக்கும்?
- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

தப்பு செய்தவரின் நெஞ்சு குறுகுறுக்கும் என்றுதான் அந்தப் பழமொழி சொல்கிறது. குறுகுறுக்கிற நெஞ்செல்லாம் தப்பு செய்தது என்று அது சொல்லவில்லை. நீங்கள் அதைத் தலைகீழாகப் படிக்கிறீர்கள். இதை உணர்ச்சிவழித் தர்க்கம் என்போம். விமானத்தில் பயமாக இருப்பதாலேயே அது ஆபத்தானது என்று நம்புவதும் இதே வகைதான். 1995-இல் நெதர்லாந்தில் ஆர்ன்ட்ஸ் என்ற உளவியலாளரும் சகாக்களும் நடத்திய ஆய்வில், பதற்றக் கோளாறு உள்ளவர்கள், ஆபத்தில்லாத சூழ்நிலையைக்கூட, அங்கே தங்களுக்குப் பதற்றம் வந்ததாகக் கற்பனை செய்யச் சொன்னதும் ஆபத்தானதாக மதிப்பிட்டார்கள்.

உறுத்தலை ஒதுக்கிவிட்டு நடந்ததை மட்டும் எழுதிப் பாருங்கள். வருவதாக வாக்குக் கொடுத்தீர்களா? பொய்க் காரணம் சொன்னீர்களா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அப்படி ஏதாவது மிஞ்சியிருந்தால், ஒரு முறை மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்ய வேண்டியதுதான். இன்னொன்றையும் யோசியுங்கள்: யாரிடம் முடியாது என்றாலும் இதே உறுத்தல் வருகிறதா? ஆமென்றால் உங்கள் உறுத்தலைக் கிளப்புவது 'முடியாது' என்ற சொல். அதற்குத் தப்போடு சம்பந்தமில்லை.

எனக்குக் கவலை தருவது அந்த நிம்மதிதான். ஷிஃப்டை ஏற்றதும் உறுத்தல் அடங்கியதால், 'அப்படியானால் நான் செய்தது தப்புதான்' என்று மனம் முடிவு கட்டிவிட்டது. உண்மையில் அடங்கியது பதற்றம் மட்டுமே. மன்னிப்புக் கேட்டு அதை அடக்க அடக்க, அடுத்த முறை மறுப்பது இன்னும் கடினமாகும்.

அடுத்து ஒரு சின்னக் கோரிக்கையை மறுக்கும்போது, உறுத்தல் நூற்றுக்கு எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். எதிராளி என்ன செய்வார் என்று பயப்படுகிறீர்களோ அதையும் எழுதுங்கள். மன்னிப்புச் செய்தி அனுப்பாமல் ஒரு நாள் பொறுங்கள். மறுநாள் இரண்டையும் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் எண் தானாகவே இறங்கியிருக்கும். அவர் முகம் சுளித்திருந்தாலும், அது அவருடைய ஏமாற்றம். நீங்கள் தப்பு செய்ததற்கான சாட்சியாகாது.

உறுத்தல் இந்த ஒரு விஷயத்தோடு நிற்காமல் எல்லாவற்றிலும் பரவி, தூக்கமும் பசியும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு நோயில் காரணமே இல்லாமல் குற்ற உணர்வு வருவதுண்டு. அதற்குச் சிகிச்சை இருக்கிறது.