மீள்மொழிபெயர்ப்பு ஒத்துப்போனால் கையெழுத்து வாங்கிவிடலாமா?

கேள்வி: எங்கள் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களிடம் நடத்தவிருக்கும் மருத்துவ ஆய்வுக்காக, ஆங்கில ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கினோம். வேறொருவரிடம் கொடுத்து அதை மறுபடி ஆங்கிலமாக்கியபோது மூலத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது. இது போதாதா?

போதாது. சொல்லப்போனால் 'அப்படியே' என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. நீங்கள் ஆய்வுக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் என்றும், நெறிமுறைக் குழுவுக்குப் படிவம் அனுப்பும் தேதி நெருங்கிவிட்டது என்றும், 'மீள்மொழிபெயர்ப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறதே, பிறகென்ன' என்று மேலே இருப்பவர் கேட்டுவிட்டார் என்றும் ஊகித்துக்கொண்டு எழுதுகிறேன். ஊகம் தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். பெரும்பாலும் நிறுவனங்கள் அனுப்பும் படிவங்கள், வேலை ஒப்பந்தங்கள், எப்போதாவது கோயில் நிர்வாகக் கூட்டக் குறிப்பு. இந்த மீள்மொழிபெயர்ப்பு வேலையும் வரும். வேறு யாரோ ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிய படிவத்தை எனக்கு அனுப்புவார்கள். ஆங்கில மூலத்தைக் காட்ட மாட்டார்கள், காட்டவும் கூடாது. நான் தமிழை மட்டும் பார்த்து ஆங்கிலமாக்கித் தருவேன். நிறுவனத்தில் ஒருவர் மூலத்தையும் என்னுடையதையும் அருகருகே வைத்து ஒப்பிடுவார். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இந்த முறை இத்தனை பரவியதற்குக் காரணமும் அதுதான்: தனக்குத் தெரியாத மொழியில் வந்த வேலையை ஒருவர் தன் மேசையிலிருந்தே சரிபார்த்துவிடலாம்.

ஒருமுறை இனிப்புநீர் மருந்து ஆய்வுக்கான படிவம் வந்தது. அதில் இழப்பீட்டுப் பகுதி. ஆய்வில் கலந்துகொண்டதால் உங்கள் உடல்நலத்துக்குக் கேடு நேர்ந்தால் 'அதற்கான சிகிச்சைச் செலவை நாம் ஏற்போம்' என்று தமிழில் எழுதியிருந்தது. நாங்கள் அல்ல, நாம். நம் பத்திரிகைத் தலையங்கங்களிலும் மேடைப் பேச்சிலும் வரும் அந்த மரியாதையான 'நாம்' கைப்பழக்கத்தில் வந்து விழுந்திருக்கிறது. ஆனால் கையெழுத்துப் போடப்போகிற நோயாளியைப் பார்த்து 'நாம் ஏற்போம்' என்றால், அவரும் அதில் ஒருவர் என்றுதானே பொருள்?

இப்போது இதை ஆங்கிலமாக்குங்கள். 'வீ' என்றுதான் எழுத முடியும். நாமுக்கும் அதுதான், நாங்களுக்கும் அதுதான். மூலத்திலும் அதே 'வீ' இருந்திருக்கும். ஒப்பிடுகிறவர் பார்த்தால் இரண்டும் அச்சாக ஒன்றுபோல இருக்கும், பச்சைக் குறி போட்டுவிடுவார். தமிழில் உள்ள ஒரு வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லாதபோது, ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பார்த்து அதில் நடந்த பிழையைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. எவ்வளவு கவனமாகத் திருப்பினாலும் இதே கதைதான்.

இதை நான் குறிப்பாக எழுதி, ஒப்பீட்டு அட்டவணையின் ஓரத்தில் சேர்த்து அனுப்பினேன். திட்ட மேலாளர் குறிப்பை நீக்கிவிட்டு, 'மீள்மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்த்தால் போதும், கருத்துச் சொல்ல வேண்டாம்' என்று பதில் எழுதினார். வேறுபாடு இல்லை என்று முடிவானது. நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள்.

பின்னர் அதே ஆய்வுக்கு, படிவத்தை மக்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று பார்க்க எங்கள் ஊரிலேயே ஒரு வாசிப்புச் சோதனை வைத்தார்கள். தமிழில் பேசி நடத்த உள்ளூர் ஆள் வேண்டும் என்று என்னையே அழைத்தார்கள். வந்தவர்களில் ஓர் அக்கா, செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். மோட்டார் சைக்கிளில் அழைத்துவந்த மகனும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவருக்குத் தமிழைவிட மலாய் வாசிப்பது எளிது என்பதால் மலாய்ப் படிவத்தை எடுத்துக்கொண்டார். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் இப்படித்தான்.

இழப்பீட்டுப் பகுதியை வாசித்ததும், 'மருந்தால் உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஆஸ்பத்திரிப் பணத்தை யார் கட்டுவார்கள்?' என்று கேட்டேன். அக்கா விரலை வரியின்மேல் வைத்தபடி, 'அவர்கள் கொஞ்சம், நாங்கள் கொஞ்சம். நாம் என்றுதானே போட்டிருக்கிறது?' என்றார். மகன் உடனே மறுத்தார். 'இல்லை அம்மா, அவர்கள்தான் முழுக்கக் கட்டுவார்கள், இதில் காமி என்று இருக்கிறது.' இருவரும் சரியாகத்தான் வாசித்தார்கள். ஒரே படிவம் ஒரே வீட்டுக்கு இரண்டு வாக்குறுதிகளைக் கொடுத்திருந்தது.

மலாயில் நம்மைப் போலவே இரண்டு சொற்கள் உண்டு: கேட்பவரையும் சேர்த்தால் கித்தா, விலக்கினால் காமி. (இந்தக் கித்தா வேறு, நம் தாத்தாக்கள் பால் எடுத்த கித்தா வேறு.) ஆகவே மலேசியாவில் இருக்கும் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. தமிழ்ப் படிவத்தை ஆங்கிலத்துக்கு மட்டும் திருப்பாமல், குறைந்தது இழப்பீடு, செலவு, தரவுப் பகிர்வு ஆகிய பகுதிகளையாவது மலாய்க்கும் திருப்பிப் பாருங்கள். நாம் தவறாக வந்திருந்தால் அங்கே கித்தாவாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. 'செலவை ஏற்போம்' என்று எழுவாய் இல்லாமல் எழுதியிருந்தால், அந்த வினைமுற்று நாம், நாங்கள் இரண்டுக்கும் பொது. திருப்புகிறவர் யார் கட்டுவார்கள் என்பதை உலக வழக்கப்படி ஊகித்து, காமி என்று தானே சரிசெய்துவிடுவார். தமிழில் இருந்த குழப்பம் மலாயில் காணாமல்போய்விடும். அதனால் 'இருப்பதைத் திருப்புங்கள், சரிசெய்யாதீர்கள், இரு பொருள் வந்தால் எழுதிக் காட்டுங்கள்' என்று முன்னதாகவே சொல்லி, அதற்கென்று ஒரு நெடுவரிசையையும் அட்டவணையில் ஒதுக்குங்கள். எங்கள் படிவத்தில் கடைசியில் 'ஆய்வுக்கு நிதி தரும் நிறுவனமே முழுச் செலவையும் ஏற்கும், நீங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை' என்று மாற்றினார்கள். ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு தரப்புக்கும் பெயர் வைத்து, அந்தப் பெயரையே கடைசிவரை பிடித்துக்கொண்டு போவார்கள். வாசிக்க அலுப்பாக இருக்கும், ஆனால் இந்தச் சிக்கல் அங்கே வராது.

இதெல்லாம் நானாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. 1970-இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் என்ற உளவியலாளர் இந்த முறையைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே எச்சரித்திருக்கிறார். மோசமான மொழிபெயர்ப்பிலிருந்தும் திறமையான ஆள் நல்ல பொருளை எடுத்துவிடுவார். மூலத்தின் இலக்கண அமைப்பை அப்படியே வைத்திருந்தால், திருப்புவதும் எளிதாகிவிடும். அதாவது, வாக்கியம் எவ்வளவு ஆங்கில வாடை அடிக்கிறதோ அவ்வளவு அழகாக ஆங்கிலத்துக்குத் திரும்பும். உங்கள் 'அப்படியே' எனக்கு உறுத்துவது இதனால்தான்.

மறுபக்கமும் எனக்கு நடந்திருக்கிறது. எந்த நேரத்திலும் விலகலாம், அதனால் தண்டம் எதுவும் இல்லை என்ற பகுதியை நான் தமிழாக்கியபோது, 'நீங்கள் பாதியில் விலகினாலும் உங்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சையில் குறை வைக்க மாட்டார்கள்' என்று எழுதினேன். கிளினிக்கில் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்பதுதான் இங்கே உள்ளவர்களின் உண்மையான பயம். மூலத்திலும் வழக்கமான சிகிச்சையைப் பற்றிய வரி இருந்தது. திருப்பி வந்ததில் 'தண்டம்' என்ற சொல் இல்லை என்று சிவப்புக் குறி போட்டார்கள். 'தண்டனையின்றி விலகலாம்' என்று மாற்றச் சொன்னார்கள். தண்டனை என்றால் எங்கள் பக்கம் போலீஸ் நினைவுதான் வரும். நான் மாற்றவில்லை, நெடிய விளக்கம் எழுதினேன், ஏற்றுக்கொண்டார்கள். அந்த விளக்கத்துக்குக் காசு கிடையாது.

காசு என்றதும் நினைவுக்கு வருகிறது. சில நிறுவனங்கள் தமிழ்ச் சொற்களை எண்ணிக் கூலி கொடுக்கின்றன. ஆங்கிலத்தில் நான்கைந்து சொல்லாக வருவது நமக்கு 'வரவேண்டியிருந்ததால்' என்று ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிடும். வேலை அதே வேலை, எண்ணிக்கை மட்டும் மெலிந்துவிடும். ஆங்கிலச் சொல் எண்ணிக்கைக்குத்தான் கூலி என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள் என்று இளையவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. சரி, அது வேறு பேச்சு.

'அப்படியானால் மீள்மொழிபெயர்ப்பே வேண்டாம் என்கிறீரா?' என்று வரிந்துகட்டிக்கொண்டு வருபவர்களுக்கு: நான் அப்படிச் சொல்லவில்லை. விடுபட்ட பத்தி, தவறிப்போன 'இல்லை', 15 மில்லிலிட்டர் இரத்தம் 5 மில்லிலிட்டராக மாறியது, இவற்றை அது நன்றாகவே பிடிக்கும். நீங்களும் செய்யுங்கள். ஆனால் ஒவ்வொரு வேறுபாட்டையும் பிழை என்று எடுத்துக்கொள்ளாமல், தமிழில் தவறா, திருப்பியவர் தவறா, வெறும் சொல் மாற்றமா என்று மூன்றில் ஒன்றாகப் பிரித்து எழுதி வையுங்கள். அந்த முடிவை இரண்டு மொழியும் தெரிந்தவர் எடுக்க வேண்டும்.

பிறகு படிவத்தை உண்மையில் கையெழுத்திடப்போகிற மாதிரியான ஆட்களிடம் வாசிக்கக் கொடுங்கள். நோயாளி வினாத்தாள் மொழிபெயர்ப்புக்கு 2005-இல் வெளிவந்த, இஸ்போர் என்ற பன்னாட்டு ஆய்வுச் சங்கத்தின் வழிகாட்டி, மீள்மொழிபெயர்ப்புக்குப் பிறகும் 5 முதல் 8 பேரிடம் இப்படிச் சோதிக்கச் சொல்கிறது. அது வினாத்தாளுக்கானது, ஒப்புதல் படிவத்துக்கு அல்ல என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனாலும் எண்ணிக்கைக்கு ஓர் அளவாக வைத்துக்கொள்ளலாம். 'புரிகிறதா?' என்று மட்டும் கேட்காதீர்கள். கிராணி கேட்டாலும் டாக்டர் கேட்டாலும் 'புரிகிறது ஐயா' என்றே சொல்லிப் பழகிய ஊர் இது. பணம் யார் கட்டுவார், நாளைக்கே வேண்டாம் என்றால் யாரிடம் சொல்ல வேண்டும், எந்த மருந்து கிடைக்கும் என்று யார் தீர்மானிப்பார் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை நீங்கள் திருத்தாமல், அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் மலாய் வாசிக்கிற பிள்ளை இருந்தால் அவரையும் உட்காரவைத்து, அதே கேள்விகளை மலாய்ப் படிவத்தைக் காட்டிக் கேளுங்கள்.