சேகர் எந்த ரயிலில் ஏறினான்?

கேள்வி: மும்பையைக் களமாக வைத்து ஒரு மர்மத் தொடர்கதை எழுதிவருகிறேன். துரத்தல் காட்சியில் ‘வேகமாக’ என்ற சொல் பதினோரு இடங்களில் வருவதாக என் மனைவி எண்ணிச் சொன்னாள். அவற்றை எடுத்துவிட்டு வலுவான வினைச்சொற்களைப் போட்டால் சரியாகிவிடுமா? மாதிரிக்கு ஒரு பத்தி:

“மாலை ஆறரை மணி. சேகர் தாதர் பாலத்தின் படிகளில் வேகமாக ஏறினான். கூட்டத்தை வேகமாக விலக்கிக்கொண்டு வேகமாக ஓடினான். சிவப்புச் சட்டைக்காரன் அவனை வேகமாகத் துரத்தினான். கிளம்பிய ஃபாஸ்ட் லோக்கலில் சேகர் வேகமாக ஏறிக்கொண்டான். மாட்டுங்காவில் அத்தை வீடு இருந்தது.”

விரைவில் பதில் தரவும்.

— ஒரு வாசகர், டோம்பிவிலி

பதில்: ‘விரைவில்’ என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குப் பசிக்கும். எங்கள் அலுவலகத் தெருமுனையில் ஒருவர் உணவகம் தொடங்கப்போவதாக ஒரு பலகை மாட்டினார். தமிழ், மராத்தி, இந்தி மூன்றிலும் ‘விரைவில்’ என்று எழுதியிருந்தது. முதல் ஆண்டு நாங்கள் பொடி தோசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். இரண்டாம் ஆண்டு மழையில் தமிழ் ‘வி’ கரைந்து, ‘ரைவில்’ என்று எஞ்சியது. மூன்றாம் ஆண்டு பலகையின் ஓர் ஆணி கழன்றது. நான்காம் ஆண்டு அந்த இடத்தில் கைப்பேசி உறை விற்பவர் வந்து, பலகையைத் திருப்பிப் போட்டு அதன்மேல் சரக்கைப் பரப்பினார். இன்றும் அந்த வழியாகப் போகும்போது குனிந்து பார்க்கிறேன், அடிப்பக்கத்தில் மூன்று மொழிகளிலும் இன்னும் திறக்கப்போகிறார்கள்.

உங்கள் பத்தியில் உள்ள ‘வேகமாக’ எல்லாம் அந்தப் பலகைதான். வேகம் வரப்போவதாக ஐந்து முறை அறிவித்திருக்கிறீர்கள், அடுப்பு மூட்டவில்லை. ஓடுகிறவன் மெதுவாக ஓடுகிறான் என்று எந்த வாசகரும் நினைத்துக்கொள்ளப்போவதில்லை. ‘துரத்தினான்’ என்ற சொல்லுக்குள்ளேயே அவசரம் இருக்கிறது. அடித்துப் பாருங்கள், பொருள் ஒரு மயிரிழையும் குறையாது. அடித்தால் பொருள் மாறுகிறதா என்பதே சோதனை. ‘நிதானமாகத் துரத்தினான்’ என்று எழுதியிருந்தால் அந்த ‘நிதானமாக’வை நான் தொடவே மாட்டேன். நிதானமாகத் துரத்துகிறவனைக் கண்டால் எனக்கே பயம் வரும்.

ஒன்று சொல்லவேண்டும், ‘வேகமாகத் துரத்தினான்’ என்பதில் ஒற்றைச் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். எங்கள் பிழைதிருத்துநருக்கும் எனக்கும் பதினைந்து ஆண்டுகளாக இந்த ‘ஆக’வுக்குப் பின் வரும் ஒற்றில்தான் சண்டை. எழுத்தாளர்கள் ஒற்றை விடுகிறார்கள், அவர் போடுகிறார், அச்சுக்கோப்பில் அது மறுபடி காணாமல் போகிறது, பழி என்மேல் விழுகிறது. ‘வேகமாக’வைக் கைவிட்டால் இலக்கியம் வளருமோ இல்லையோ, எங்கள் அலுவலகத்தில் அமைதி நிலவும்.

இனி வலுவான வினைச்சொல். இங்கேதான் உங்களைப் போன்றவர்கள் அகராதியைத் திறந்து ஆபத்தில் விழுகிறீர்கள். போன மாதம் ஒரு கதை வந்தது. அந்தக் கதாநாயகனும் ‘வேகமாக’ ஓடிக்கொண்டிருந்தவன்தான். யாரோ திருத்தச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது ஒரே பத்தியில் அவன் படியில் தாவுகிறான், பாலத்தில் பாய்கிறான், எதிரியைப் பார்த்துச் சீறுகிறான், நடைமேடையில் பறக்கிறான், பெட்டிக்குள் ஊர்கிறான். குரங்காகிப் புலியாகிப் பாம்பாகிப் பருந்தாகிக் கடைசியில் மண்புழுவாகவும் ஆகிவிட்டான். அவனைத் துரத்தவேண்டியவர்கள் காவல்துறையினர் அல்லர், பைகுல்லா உயிரியல் பூங்காக்காரர்கள். கதையைத் திருப்பி அனுப்பினேன். ‘உங்கள் இதழுக்குச் சுறுசுறுப்பு பிடிக்காதா?’ என்று அவர் கடிதம் எழுதினார். சீறியிருந்தார் என்று சொல்லலாம்.

அகராதிக்குப் போகுமுன் தாதருக்குப் போங்கள். மாலை ஆறரை மணிக்கு அந்தப் பாலத்தில் யார் ஓட முடியும்? மேற்கு ரயில்வேயிலிருந்து மத்திய ரயில்வேக்கு மாறுகிறவர்களும் அங்கிருந்து இங்கே மாறுகிறவர்களும் ஒருவர் முதுகில் ஒருவர் மூச்சுவிடும் நேரம் அது. அங்கே உங்கள் சேகர் ஓடுகிறான் என்றால், நீங்கள் எழுதிய பாலம் காலியாக இருக்கிறது என்று பொருள். ‘ஓடினான்’ அங்கே வலுவற்ற சொல் என்பதைவிட, பொய்யான சொல். அந்தப் பொய்யைத் தாங்கிப்பிடிக்கத்தான் ‘வேகமாக’ என்ற முட்டுக்கட்டை உங்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. ‘பாய்ந்தான்’ என்று மாற்றினால் பொய் இன்னும் பெரிதாகும், அவ்வளவுதான்.

கூட்டத்தில் தப்பிக்கிறவன் என்ன செய்வான்? நுழைவான், நெளிவான், ஒதுங்குவான், தோளைக் குறுக்குவான். துரத்துகிறவனோ ஆள் பெரியவன், கோபக்காரன். அவன் இடிப்பான், தள்ளுவான், மிதிப்பான். இரண்டு பேருக்கும் நீங்கள் ஒரே சொல்லைக் கொடுத்திருக்கிறீர்கள். அதனால்தான் உங்கள் பத்தியில் யார் முன்னால், யார் பின்னால் என்று எனக்குக் குழம்பியது. வினையை ஆளுக்குத் தக்கபடி பிரித்துக் கொடுத்துவிட்டால் சிவப்புச் சட்டைகூடத் தேவைப்படாது. இடித்தது யார், நுழைந்தது யார் என்பதிலிருந்தே ஆள் தெரிந்துவிடும்.

எழுதிக் காட்டுகிறேன், பிடிக்காவிட்டால் கிழித்துப்போடுங்கள்:

“படியில் இறங்கும் கூட்டம் வழிவிடவில்லை. சேகர் கைப்பிடிக் கம்பியோடு ஒட்டி ஏறினான். மேலே, சாமந்தி மூட்டையைத் தலையில் வைத்திருந்த ஒருவருக்கும் தூணுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. தோளைக் குறுக்கி நுழைந்தான். நான்கு எட்டு வைத்திருப்பான், பின்னால் மூட்டை விழும் சத்தம். யாரோ மராத்தியில் திட்டினார்கள். சிவப்புச் சட்டைக்காரன் பூவை மிதித்துக்கொண்டு வந்தான். கீழே வண்டி நகர ஆரம்பித்திருந்தது. சேகர் வாசற்கம்பியில் தொற்றிக்கொண்டான்.”

கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். ‘ஏறிக்கொண்டான்’ என்றால் ஜன்னலோர இருக்கையும் ஒரு செய்தித்தாளும் கிடைத்ததுபோல் இருக்கிறது. ‘தொற்றிக்கொண்டான்’ என்றால் ஒரு கால் வெளியே தொங்குகிறது. இதற்கு முன்னால் ‘வேகமாக’ போட்டுப் பாருங்கள், அந்தச் சொல் தானே உதிர்ந்துவிடும். இது அகராதியில் தேடி எடுத்த சொல்லும் அன்று. தினமும் லோக்கலில் போகிற எல்லோர் வாயிலும் இருப்பது.

மூட்டையும் அலங்காரத்துக்காக விழவில்லை. துரத்தல் காட்சியில் வாசகர் அறிய விரும்புவது இருவருக்கும் இடையே எத்தனை அடி என்பதை மட்டும்தான். சேகர் கடந்த இடத்தை மற்றவன் நான்கு எட்டில் தொட்டுவிட்டான் என்று மூட்டை சொல்லிவிடுகிறது. மணிக்கு இத்தனை மைல் என்று நாம் சொல்லவேண்டியதில்லை.

இன்னொன்று. சேகர் பாலத்திலிருந்து நடைமேடைக்கு எப்படி இறங்கினான்? நான் எழுதவில்லை. நீங்களும் கேட்கவில்லை, இல்லையா? நீங்கள் டோம்பிவிலிக்காரர், உங்களுக்குத் தெரியாததா? ஃபாஸ்ட் லோக்கலின் சக்கரம் வேறு இரும்பில் செய்ததன்று. ஸ்லோ வண்டிக்கும் அதற்கும் பெட்டி ஒன்றே, மோட்டார் ஒன்றே. அது ஃபாஸ்ட் ஆவது பாதி நிலையங்களில் நிற்காமல் போவதால். எழுத்திலும் நிற்கவேண்டிய நிலையத்தை நீங்கள்தான் முடிவுசெய்யவேண்டும். பூமூட்டையில் நின்றேன், படியிறங்கும் இடத்தில் நிற்கவில்லை.

இதைக் கம்பரிடம் கற்றேன் என்று ஒருமுறை மேடையில் சொல்லி மாட்டிக்கொண்டேன். இராமன் வில்லை ஒடிக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும்: “கடுப்பினில் யாரும் அறிந்திலர் கையால் / எடுத்தது கண்டனர் இற்றது கேட்டார்.” எடுத்ததைக் கண்ணால் பார்த்தார்கள், முறிந்ததைக் காதால் கேட்டார்கள், நடுவில் இருந்த நிலையங்களில் வண்டி நிற்கவில்லை. ‘பாருங்கள், வேகம் என்ற சொல்லே இல்லாமல் வேகம்!’ என்று முழங்கினேன். முன்வரிசையில் இருந்த என் பழைய பகைவர் எழுந்தார். தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், எனக்குப் பிடிக்காத எல்லாவற்றையும் படித்தவர். ‘கடுப்பினில் என்றால் என்னவென்று நினைத்தீர்கள்? வேகத்தினால் என்றுதான் பொருள்’ என்றார். அரங்கம் சிரித்தது. அன்று மாட்டுங்காவில் இறங்கி வீட்டுக்கு நடந்தபோது, என் கால்கள் என்ன வினைச்சொல்லில் நடந்தன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் சொன்னது சரி. ஆனால் அந்தச் சொல் எங்கே நிற்கிறது என்று வீட்டுக்குப் போய்த்தான் பார்த்தேன். கம்பர் அதை எடுத்ததற்கோ ஒடித்ததற்கோ அடையாக வைக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஏன் எதையும் அறியவில்லை என்பதற்குக் காரணமாக வைத்திருக்கிறார். ‘எடுத்தது’, ‘இற்றது’ இரண்டும் அடையின்றி நிற்கின்றன. அதுபோல உங்களுக்கும் பதினொன்றில் ஒன்றை விட்டுவைக்கலாம், அதற்கு அங்கே ஒரு வேலை இருந்தால். இந்தப் பதிலை ஓய்வுபெற்ற ஆசிரியரும் படிப்பார். படிக்கட்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் பத்தியில் சொல்லைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. சேகர் ஏறியது ஃபாஸ்ட் லோக்கல். அத்தை வீடு மாட்டுங்காவில். முப்பது ஆண்டுகளாக மாட்டுங்காவில் குடியிருக்கும் ஒருவன், என் நிலையத்தை மதிக்காமல் தினமும் கடந்துபோகும் வண்டிகளைப் பார்த்து வயிறெரிகிறவன் சொல்கிறேன்: ஃபாஸ்ட் அங்கே நிற்காது. தாதரை விட்டால் சேகர் குர்லாவில்தான் இறங்கமுடியும். இறங்கி, பாலம் ஏறி, எதிர்ப்பக்கம் வந்து, ஸ்லோ வண்டிக்குக் காத்திருந்து, சயானைக் கடந்து திரும்பி வரவேண்டும். தாதர் நடைமேடையில் ஏமாந்து நின்ற சிவப்புச் சட்டைக்காரனுக்கு முகவரி தெரிந்திருந்தால், மூச்சு வாங்கிக்கொண்டு, சட்டையில் ஒட்டிய பூவிதழைத் தட்டிவிட்டு, வழியில் ஒரு வடா பாவ் தின்று, மாட்டுங்காவுக்கு நடந்தே வந்துவிடலாம். சேகர் கதவைத் தட்டும்போது அத்தையின் கூடத்தில் அவன் காப்பி ஆற்றிக்கொண்டு இருப்பான். அந்த இடத்தில் ‘மெதுவாக ஆற்றினான்’ என்று எழுதுங்கள், அதை நான் வெட்டமாட்டேன்.