தமிழ் விசைப்பலகையிலேயே இமோஜியைத் தேடி எடுப்பது
கேள்வி: தமிழில் டைப் செய்யும்போது ஒரு இமோஜி வேண்டுமென்றால் பக்கம் பக்கமாகத் தள்ளித் தேட வேண்டியிருக்கிறது. தமிழிலேயே தேட முடியாதா?

முடியும். ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டு வைத்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் எழுதும் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சிரித்த முகம் வாட்ஸ்அப்பின் சொந்த இமோஜிப் பலகை. நான் சொல்வது விசைப்பலகைக்குள்ளேயே இருப்பது. எந்தச் செயலியிலும் வரும். அதற்கான பொத்தான் கண்ணில் படவில்லையென்றால் காற்புள்ளி விசையை அழுத்திப் பிடியுங்கள், சிரித்த முகம் மேலெழும். பலகை திறந்ததும் தேடல் பெட்டியைத் தொட்டால் போதும், எழுத வேண்டிய விசைகள் வந்துவிடும்.

தீபாவளி வாழ்த்துக்கு 🪔 வேண்டும் என்று வையுங்கள். "விளக்கு" என்று அடியுங்கள். பேச்சில் வருகிற மாதிரி "வெளக்கு" என்றோ, "விளக்கை" என்று உருபு சேர்த்தோ அடித்தால் பெரும்பாலும் கிடைக்காது. தேடல் ஒவ்வொரு இமோஜிக்கும் எழுதி வைத்த சொற்களோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது; அந்தச் சொற்கள் எழுத்துத் தமிழில் இருக்கின்றன. "விளக்" வரை அடித்து நிறுத்தினாலும் பொருந்தும், "விளக்கை" என்றால் கடைசி எழுத்தில் பிரிந்துவிடும். அதனால் குறைவாக அடிப்பதே நல்லது.

ஆங்கிலத்திலேயே தேடிவிட்டுப் போகலாமே என்று சிலர் சொல்வார்கள். தமிழில் ஒன்றும் வராதபோது உலக உருண்டை விசையைத் தட்டி `diya` என்று தேடுங்கள், தப்பில்லை. ஆனால் தமிழில் மட்டும் எழுதப் பழகிய அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் அதையே வழியாகச் சொல்வது சரியில்லை. பேச்சுச் சொற்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

அடிக்கடி தேவைப்படும் இமோஜிக்குத் தேடலே வேண்டாம். ஜிபோர்டு அமைப்புகளில் Dictionary, அதற்குள் Personal dictionary, அதில் தமிழ். கூட்டல் குறியைத் தட்டி, சொல்லுக்கான இடத்தில் 🪔, குறுக்குவழிக்கான இடத்தில் "விவி" என்று கொடுங்கள். இனி "விவி" அடித்தால் மேலே பரிந்துரைப் பட்டையில் விளக்கு நிற்கும், தொட்டால் விழும். ஆங்கிலப் பட்டியலில் சேர்த்துவிட்டு "வரலையே" என்பவர்கள் நிறைய. தமிழில் எழுதும்போது தமிழ்ப் பட்டியலைத்தான் அது பார்க்கும்.

ஐபோனில் இது Settings, General, Keyboard, Text Replacement என்ற வழியில் இருக்கிறது. அங்கே இடைவெளி அடித்ததும் தானாகவே மாறிவிடும் என்பதால் "பூ" போன்ற நிஜச் சொல்லைக் குறுக்குவழியாக வைக்காதீர்கள். வைத்தால், "பூ வாங்கி வா" என்று எழுதும்போதும் பூவுக்குப் பதில் படம்தான் போகும்.

இன்னொன்று: 🪔 2019இல்தான் இமோஜிப் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு முந்தைய மென்பொருளில் ஓடும் போனுக்கு அனுப்பினால் வெறும் கட்டமாகத் தெரியலாம். அப்படிப்பட்டவர்களுக்கு ✨ அனுப்புங்கள், அது பழைய போனிலும் தெரியும்.