கத்தியோடு வருபவனைத் தடுப்பது அகிம்சைக்கு விரோதமா?

கேள்வி: 'உயிரே போனாலும் கொல்லாதே' என்கிறதே குறள் 327! புளோக் மின்தூக்கியில் ஒருவன் கத்தியோடு பாய்ந்தால் சும்மா நிற்கவா?

நிற்க வேண்டியதில்லை. அந்தக் குறள் வரும் 'கொல்லாமை' அதிகாரம் துறவறவியலில் இருக்கிறது. மேடையில் மேற்கோள் காட்டுபவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

அகிம்சையை மிகக் கடுமையாகக் கடைப்பிடிக்கும் சமணமே இங்கே துறவிக்கும் இல்லறத்தாருக்கும் வெவ்வேறு அளவு வைக்கிறது. துறவிக்கு எந்த விலக்கும் இல்லை. இல்லறத்தார் முழுதாக விடவேண்டியது சங்கல்ப இம்சை, அதாவது துன்புறுத்தும் எண்ணத்தோடு செய்வது. தாக்குபவனை எதிர்ப்பது விரோதி இம்சை. அதுவும் இம்சைதான், வினை ஒட்டும். ஆனால் விரதம் முறியாது.

சிக்கல் அடுத்த நொடியில்தான். கையைத் தட்டிவிட்டீர்கள், கத்தி விழுந்தது, அவன் ஓடுகிறான். துரத்திப்போய் ஒரு குத்து விட்டால் அது தற்காப்பல்ல, பழிவாங்கல், சங்கல்ப இம்சையாகிவிடும். சிங்கப்பூர்ச் சட்டமும் கிட்டத்தட்ட அங்கேயே கோடு போடுகிறது: தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு கூடாது, போலீஸை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமையே இல்லை. ஆனால் சட்டம் உங்கள் கோபத்தைப் பெரிதாகக் கேட்பதில்லை, சமணம் அதைத்தான் முதலில் கேட்கும்.