கேட்ட புத்தகமும் தேடி வந்த விஷயமும்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு மாவட்டத் தலைநகரின் பொது நூலகத்தில் ரெஃபரன்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். வாசகர் கேட்கும் புத்தகத்தைத் தேடிப் பிடித்துச் சரியாகவே கொடுக்கிறேன். ஆனால் பலர் பத்து நிமிடத்தில் அதை மேஜையிலேயே வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கிளம்பிவிடுகிறார்கள். 'எதற்காகக் கேட்கிறீர்கள்?' என்று விசாரித்தால் முகம் மாறிவிடுகிறது. கேட்டதைக் கொடுப்பதோடு என் வேலை முடிந்துவிடுகிறதா?

எம்.

அன்புள்ள எம்.,

முடிவதில்லை. நான் ரெஃபரன்ஸ் பிரிவில் இருந்தபோது வந்த ஒரு வாசகரைப் பற்றிச் சொன்னால் ஏன் என்பது விளங்கும்.

எழுபது வயதை ஒட்டியவர், கையில் துணிப்பை. "ராமநாதபுரம் மாவட்ட கெசட்டியர் வேண்டும் சார்" என்றார். தெளிவான கேள்வி. கெசட்டியர் என்பது ஒரு மாவட்டத்தைப் பற்றிய விவரங்களைத் தொகுத்துத் தரும் அரசு நூல். 1972இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ராமநாதபுரம் கெசட்டியர் அலமாரியில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். புத்தகத்தை முன்னாலிருந்து படிக்காமல், கடைசிப் பக்கங்களில் இருக்கும் சொல்லடைவைப் பிரித்து, ஒரே எழுத்தின் கீழ் விரலை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தார். ஓர் ஊர்ப் பெயரைத் தேடுகிறார் என்பது அந்த விரலிலேயே தெரிந்தது. மாவட்டத்தைப் பற்றி அறிய வந்தவர் அப்படித் தேடமாட்டார்.

அருகில் போய் உட்கார்ந்து, "எந்த ஊரைப் பற்றிப் பார்க்கிறீர்கள் ஐயா?" என்று கேட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். "அந்த ஊரைப் பற்றி என்ன தெரிந்தால் உங்களுக்கு உதவியாக இருக்கும்?" சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்குக் கொஞ்சம் புன்செய் உண்டு. அது கோயிலுக்கு விட்ட நிலம் என்று பழைய புத்தகத்தில் எங்காவது இருக்கும் என்றார்கள்." அப்புறம் பையிலிருந்து நாலாக மடித்த புலப்படம் ஒன்று வெளியே வந்தது.

அவருக்கு வேண்டியது புத்தகமே இல்லை. கோயிலுக்கும் ஊர் ஊழியத்துக்கும் தனி மனிதர்களுக்கும் வரி நீக்கியோ குறைத்தோ விடப்பட்ட இனாம் நிலங்களை விசாரித்துப் பதிவு செய்ய 1858இல் மெட்ராஸ் மாகாணத்தில் இனாம் கமிஷன் அமைக்கப்பட்டது. 1860களில் அது ஊர் ஊராக எழுதி வைத்ததுதான் இனாம் ஃபேர் ரிஜிஸ்டர். நிலம் எவ்வளவு, எதற்காக விடப்பட்டது, விட்டவர் யார், அப்போது யார் அனுபவத்தில் இருந்தது என்பதெல்லாம் அதில் கட்டம் கட்டமாக இருக்கும். இந்தப் பதிவேடுகள் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கோயில் நில வழக்குகளில் இதன் சான்றிட்ட நகலைத்தான் தாக்கல் செய்வார்கள். கெசட்டியரில் ஒரு சிற்றூர்க் கோயிலின் புன்செய்க்கு இடம் கிடையாது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ராமநாதபுரம் மாவட்டம் 1910இல்தான் உருவானது. ஸ்ரீவில்லிபுத்தூர் அதற்கு முன் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. ஆகவே 1860களின் பதிவேட்டில் அந்த ஊரைத் திருநெல்வேலியின் கீழ்தான் தேட வேண்டும். அவர் வளர்ந்த காலத்தில் அது ராமநாதபுரம் மாவட்டம், 1985க்குப் பிறகு விருதுநகர் மாவட்டம். அவர் தமக்குத் தெரிந்த பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போயிருந்தால் ஆவணக் காப்பகத்திலும் தவறான ஜில்லாவின் பதிவேட்டைத்தான் கேட்டிருப்பார். பழைய திருநெல்வேலி கெசட்டியரைப் பார்க்கலாமே என்று தோன்றும். அதுவும் கை கொடுக்காது. பேட் எழுதிய அந்த கெசட்டியர் வெளிவந்தது 1917இல், ஸ்ரீவில்லிபுத்தூர் பிரிந்து போன பிறகு. பழைய எல்லையை அறிய ஸ்டுவர்ட்டின் 1879ஆம் ஆண்டு திருநெல்வேலி மேனுவலுக்குத்தான் போக வேண்டும்.

அவர் ஏன் முதலிலேயே கோயில் நிலம் என்று சொல்லவில்லை? இதை நீங்கள் நிதானமாக யோசிக்க வேண்டும், எம். அவர் எதையும் மறைக்கவில்லை. நூலகத்தில் புத்தகம் இருக்கும், புத்தகத்தைத்தான் கேட்க வேண்டும் என்று நினைத்தார். தம் ஊர்ச் சங்கதியை, இந்த இடத்தில் கிடைக்கக்கூடியது என்று தாம் நம்பிய ஒரு பொருளாக வீட்டிலேயே மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். இனாம் ரிஜிஸ்டர் என்று ஒன்று இருப்பதே தெரியாதவர் அதை எப்படிப் பெயர் சொல்லிக் கேட்பார்? 1968இல் ராபர்ட் டெய்லர் என்ற அமெரிக்க நூலகவியலாளர் இதை விரிவாக எழுதினார். மனதில் உருவமில்லாமல் கிடக்கும் தேவை, தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் தேவை, கேள்வியாக வடிவெடுத்தது, கடைசியாக நூலகத்துக்கு ஏற்பத் திருத்தப்பட்ட கேள்வி என்று நான்கு படிகளைச் சொல்கிறார். நம் மேஜைக்கு வருவது பெரும்பாலும் அந்த நாலாவது. நாம் அங்கிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும்.

கூச்சமும் ஒரு காரணம்தான். நிலத் தகராறு, நோய், பிள்ளையின் படிப்பு போன்றவற்றை முன்பின் தெரியாதவரிடம், பின்னால் வரிசை நிற்கும்போது, யாரும் விரித்துச் சொல்லமாட்டார்கள். அதனால்தான் நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

உங்கள் 'எதற்காக' என்ற கேள்வியில் முகம் மாறுவதும் இதனால்தான். அது காரணம் காட்டச் சொல்கிறது. காரணம் சரியில்லை என்றால் புத்தகம் கிடைக்காதோ என்ற பயம் வந்துவிடுகிறது. "தமிழிலா, ஆங்கிலத்திலா?" என்பது போன்ற கேள்விகளும் உதவாது, அவை அவர் சொன்ன புத்தகத்துக்குள்ளேயே அவரைப் பூட்டிவிடும். 1986இல் டெர்வின், டியூட்னி என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு நல்ல வழி சொன்னார்கள். வாசகரின் நிலைமை, அவர் எங்கே தட்டி நிற்கிறார், கிடைப்பதை வைத்து என்ன செய்யப் போகிறார் என்ற மூன்றையும், பதிலை நாமே ஊகித்துவிடாமல் கேட்பது. நம் பேச்சில் அது மிக எளிது. "இதில் குறிப்பாக எதைப் பார்க்க வேண்டும்?", "இதுவரை எங்கெல்லாம் பார்த்தீர்கள்?", "இது கிடைத்தால் அடுத்து என்ன செய்வீர்கள்?" இவற்றில் ஏதாவது ஒன்று போதும். பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் அவர் அதோடு விட்டுவிடலாம். அந்த வசதி கேள்விக்குள்ளேயே இருக்க வேண்டும்.

எல்லோரிடமும் இதைச் செய்யாதீர்கள். நூற்பெயர், ஆசிரியர், பக்க எண்ணோடு வரும் ஆய்வு மாணவருக்குத் தமக்கு வேண்டியது நன்றாகத் தெரியும், எடுத்துக் கொடுத்துவிட்டு விலகிவிடுங்கள். 'சட்டப் புத்தகம் எங்கே', 'மருத்துவப் புத்தகம் இருக்கிறதா' என்று அகலமாகக் கேட்பவர், கொடுத்த புத்தகத்தின் சொல்லடைவையே சுற்றி வருபவர், ஐந்து நிமிடத்தில் எழுந்து அலமாரிகளைப் பார்த்தபடி நிற்பவர், இவர்களிடம்தான் போக வேண்டும். புத்தகத்தைக் கொடுத்த கையோடு போகாமல், சற்று நேரம் கழித்து "நீங்கள் தேடியது இதில் இருந்ததா?" என்று கேளுங்கள். "புத்தகம் கிடைத்ததா?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

ஓர் எல்லையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெரியவர் கடைசியில், "அப்படியென்றால் நிலம் கோயிலுக்குத்தானே சார்?" என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. பதிவேட்டில் என்ன இருக்கிறதோ அதை எடுத்து வந்து வக்கீலிடம் காட்டுங்கள் என்றேன். ஆவணம் எங்கே இருக்கிறது என்று சொல்வதுவரைதான் நம் வேலை, அதன் பொருளைத் தீர்ப்பது நம் வேலையில்லை.

ஒரு துண்டுத் தாளில் அவருக்கு எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: இனாம் ஃபேர் ரிஜிஸ்டர், திருநெல்வேலி ஜில்லா, ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா, கிராமத்தின் இன்றைய பெயர், அவர் பாட்டி சொல்லிக் கேட்ட பழைய பெயர், கோயில் பெயர். வெளியூருக்கு அனுப்பும்போது இப்படி எழுதிக் கொடுங்கள். எழும்பூரில் இருப்பவரிடம் அவர் மறுபடியும் கெசட்டியரிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்காது.